ஊறல் நீரோடு போவதும் இஞ்சி, பெருங்காயத்தால் ஆவதும்

"வணக்கம் அம்மா. எனக்கு 44 வயது. ஈசூனில் குடும்பத்தோடு இருக்கிறேன். புரட்டாசியில் வீட்டில் முழுக்கச் சைவம் என்பதால் சாம்பார், கொண்டைக்கடலைச் சுண்டல் என்று தினமும் ஏதாவது ஒரு பருப்பு இருக்கும். பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டால் நாலரை, ஐந்து மணிக்கு வயிறு கல்லாய் உப்பிவிடுகிறது. அலுவலகக் கூட்டத்தில் உட்காரவே கூச்சமாக இருக்கிறது. கடலை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி இரவே ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறேன். இஞ்சியும் பெருங்காயமும் தாராளமாகப் போடுகிறேன். வேகவைத்த தண்ணீரை மட்டும் வீணாக்காமல் ரசத்தில் சேர்த்துக்கொள்வேன். ஊறல் தண்ணீரைக் கொட்டினால் சத்தெல்லாம் போய்விடும் என்று மாமியார் குறைப்படுகிறார். கொட்டியும் ஏன் தீரவில்லை?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது நேரம்தான். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு கனத்து ஏப்பம் வந்தால், அது பெரும்பாலும் இரைப்பையின் சங்கதி. அளவு மிஞ்சிச் சாப்பிட்டது, எண்ணெய் கூடியது, அவசரத்தில் காற்றையும் சேர்த்து விழுங்கியது என்று காரணங்கள் பல இருக்கலாம். நான்கு மணி நேரம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு அடிவயிறு உப்பினால், அது பெருங்குடலின் வேலை. உணவின் மிச்சம் சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைவதற்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "வாயு" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால்தான் இஞ்சி, பெருங்காயம், தண்ணீரைக் கொட்டுவது ஆகிய மூன்றும் ஒரே வேலையைச் செய்வதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அவை செய்யும் வேலைகள் வேறு வேறு.

பெருங்குடலில் வாயுவை உண்டாக்குவது பருப்பின் புரதம் என்று பலர் நம்புகிறார்கள். முதன்மையான காரணம் புரதம் அன்று. பருப்பில் உள்ள சில சிறிய சர்க்கரைத் தொடர்கள். நாம் காப்பியில் போடும் சர்க்கரை மூலக்கூறோடு கேலக்டோஸ் என்னும் இன்னொரு சர்க்கரை ஒன்று ஒட்டிக்கொண்டால் அது ராஃபினோஸ், இரண்டு ஒட்டினால் ஸ்டாக்கியோஸ், மூன்று ஒட்டினால் வெர்பஸ்கோஸ். இந்த ஒட்டை அறுப்பதற்கு ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற நொதி வேண்டும். மனிதரின் சிறுகுடலில் அந்த நொதி சுரப்பதில்லை. உங்களுக்கு மட்டும் வந்த குறையன்று இது. ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் ஆகாதவர்போல் இருக்கும் உங்கள் கணவருக்கும் அது இல்லை. ஆகவே இந்தச் சர்க்கரைகள் அறுபடாமல், உறிஞ்சப்படாமல் பெருங்குடல்வரை போய்ச் சேர்கின்றன. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிரிகளிடம் அந்த நொதி தாராளமாக இருப்பதால், அவை இவற்றைப் புளிக்கவைத்து ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும், சிலரின் குடலில் மீத்தேனையும் உண்டாக்குகின்றன. இந்த மூன்றுக்கும் வாடை கிடையாது. வாடையைத் தருவது மிகச் சிறிய அளவில் கலந்துவரும் கந்தக வாயுக்கள்தான்.

செடிக்கு இந்தச் சர்க்கரைகள் எதற்கு என்று கேட்டால், அவை விதையின் கட்டுச்சோறு. விதை காய்ந்து கிடக்கும் காலத்தில் அதன் உயிரணுக்கள் சிதையாமல் காப்பதும், ஈரம் பட்டு முளை கிளம்பும் முதல் சில நாள்களுக்கு உணவாவதும் இவையே. அதனால்தான் முளைகட்டிய பயறு வயிற்றுக்கு இதமாக இருக்கிறது; முளை தன் கட்டுச்சோற்றை அவிழ்த்துத் தின்றுவிடுவதால் நமக்கு மிஞ்சுவது குறைவு. இட்லி, தோசை மாவிலும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. அங்கே மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரிகள் நம் பெருங்குடல் நுண்ணுயிரிகள் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியைப் பாத்திரத்திலேயே முடித்துவிடுகின்றன. ஆகவே உளுந்து ஊறிய தண்ணீரையே ஊற்றி மாவு அரைக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

இனி உங்கள் கொண்டைக்கடலைக்கு வருகிறேன். இந்தச் சர்க்கரைகளைப் பற்றி நினைவில் கொள்ள வேண்டிய குணங்கள் இரண்டு. அவை தண்ணீரில் எளிதில் கரையும். சமையல் சூட்டில் பெரிதாக அழியாது. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் அவற்றில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். கடலையை விட்டு வெளியேறித் தண்ணீரில் கலந்திருக்கும், அவ்வளவுதான். எனவே தண்ணீர் எங்கே போகிறதோ அங்கேதான் சர்க்கரையும் போகும். நீங்கள் ஊறல் நீரைக் கொட்டிவிட்டு, வெந்த நீரை ரசத்தில் சேர்த்தபோது, கடலை சூட்டில் நெகிழ்ந்து விட்டுக்கொடுத்த சர்க்கரையை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றியிருக்கிறீர்கள். சுண்டலோடு அந்த ரசத்தையும் உண்ட வயிற்றுக்கு, வடித்ததால் கிடைத்திருக்க வேண்டிய நன்மை கிடைக்கவில்லை.

ஊறவைத்த முறையிலும் ஒரு குறை இருக்கிறது. "மூழ்கும் அளவுக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தபின் என் சமையலறையிலேயே அளந்து பார்த்தேன். 250 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையைக் கிண்ணத்தில் போட்டு, அது மூழ்கி மேலே ஒரு விரற்கடை நிற்கும் அளவுக்கு ஊற்றினால் 400 மில்லிலிட்டர் போதுமானதாக இருந்தது. காலையில் கடலையை வடித்து எடை போட்டால் ஏறக்குறைய 500 கிராம். அதாவது 250 மில்லிலிட்டர் தண்ணீர் கடலைக்குள் போய்விட்டது. கொட்டுவதற்கு மிஞ்சியது 150 மில்லிலிட்டர், ஒரு சின்னத் தேநீர்க் குவளை அளவு. சில கடலைகள் தண்ணீருக்கு மேலே தலைநீட்டிக்கொண்டும் இருந்தன.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கரையும் பொருள் உள்ளேயுள்ள தண்ணீரிலும் வெளியேயுள்ள தண்ணீரிலும் சமமாகப் பரவும்வரைதான் வெளியேறும். அதன்பின் எத்தனை மணி நேரம் வைத்தாலும் அதற்கு மேல் வெளியே வராது. உள்ளே 250, வெளியே 150 என்றால், எல்லாம் சரியாக நடந்தாலும் எட்டில் மூன்று பங்குக்கு மேல் வெளியேற வழியே இல்லை. அதே கடலையை 1,250 மில்லிலிட்டரில் போட்டால் உள்ளே 250, வெளியே 1,000. வெளியேறக்கூடிய உச்ச அளவு ஐந்தில் நான்கு பங்காகிவிடுகிறது. உண்மையில் இந்த உச்சத்தை எந்தக் கடலையும் தொடாது. தோலும், உயிரோடிருக்கும் உயிரணுக்களின் சவ்வும் சர்க்கரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனாலும் பாத்திரம் பெரிதாக, தண்ணீர் அதிகமாக இருக்க வேண்டியதன் காரணம் இதுவே. கடலை ஒரு பங்கு என்றால் தண்ணீர் எடையில் ஐந்து பங்கு இருக்கட்டும். இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்ற முடிந்தால் அந்தக் கணக்கு மறுபடியும் புதிதாகத் தொடங்கும். ஐந்து பங்கை ஒரே தடவையில் ஊற்றுவதைவிட, இரண்டு தடவையாகப் பிரித்து ஊற்றி மாற்றுவது இன்னும் நல்லது.

இந்த ஊரின் வெக்கையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரவிலும் 27, 28 பாகைக்குக் கீழே இறங்காத வீவக சமையலறையில், மேடைமேல் பத்து மணி நேரம் ஊறும் கடலை சில நாள் புளிக்கத் தொடங்கிவிடும். ஊறல் நீரைக் கலக்கினால் வரும் வெண்ணுரையைக் கண்டு பயப்பட வேண்டாம். அது சப்போனின் என்ற பொருளால் வருவது, சோப்பு நுரைபோல் சற்று நேரத்தில் அடங்கிவிடும். கலக்காமலேயே அடியிலிருந்து சிறு குமிழிகள் கிளம்பிக்கொண்டிருந்தால், மூடியைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தால், விரலில் கடலை வழவழத்தால், அது நுண்ணுயிரிகள் பெருகியதன் அடையாளம். அந்தக் கடலையை நான் எடுக்க மாட்டேன். இதைத் தவிர்க்கக் குளிர்பதனப் பெட்டியில் ஊறவையுங்கள். குளிரில் தண்ணீர் மெதுவாக இறங்கும் என்பதால் 12 மணி நேரம் கொடுங்கள். சமைக்கும்போது மேலே திரளும் நுரையை வழித்து எடுத்தால் வாயு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அந்த நுரையும் சப்போனினும் புரதமும்தான். வழித்தால் குழம்பு தெளிவாகத் தெரியும், வாயு குறையாது.

நேரமில்லாதபோது நான் செய்வது வெந்நீர் ஊறல். 250 கிராம் கடலையை ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, மூன்று நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்து, மூடி, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் விட்டுவிட்டு அந்த நீரைக் கொட்டி, குழாயடியில் ஒருமுறை அலசிவிடுவேன். கொதிநீர் பட்டவுடன் உயிரணுக்களின் சவ்வு உடைந்து, குளிர்ந்த நீரில் இறுக்கிப் பிடித்திருந்த சர்க்கரை விரைவாக வெளியேறுகிறது. புளிக்கும் அபாயமும் இல்லை. வாயுத் தொல்லை அதிகமுள்ளவர்களுக்கு இரவு ஊறலைவிட இதையே நான் முதலில் சொல்வேன். சமையல் சோடாவும் சர்க்கரையை வேகமாக வெளியேற்றும் என்பது உண்மை; ஆனால் அது பி1 வைட்டமினைச் சிதைக்கும், சுண்டலைக் குழைத்துவிடும். ஊறல் நீரில் ஒரு சிட்டிகை போட்டு நன்றாக அலசிவிட்டால் பரவாயில்லை; வேகும் தண்ணீரில் வேண்டாம்.

உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஊறல் நீரோடு ஃபோலேட் முதலிய பி வைட்டமின்களில் ஒரு பகுதியும், கொஞ்சம் பொட்டாசியமும் போகின்றன. கடலையை எதற்காகச் சாப்பிடுகிறோமோ அந்தப் புரதமும் நார்ச்சத்தும் பெரிதாகக் குறைவதில்லை. இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட்டும், கறுப்புக் கடலையின் நீரைப் பழுப்பாக்கும் துவர்ப்புப் பொருளும் அந்த நீரோடு ஓரளவு வெளியேறுவதால், சைவமாக இருக்கும் மாதத்தில் உங்களுக்கு அதில் ஆதாயமும் உண்டு. வயிறு ஒத்துக்கொள்பவர் ஊறல் நீரைப் பயன்படுத்துவதில் தவறில்லை. உங்கள் நிலைமை வேறு என்பதை, "அத்தை, எனக்கு மட்டும்தான் இப்படி" என்று தொடங்கிச் சொல்லிப் பாருங்கள். சமையல் முறையில் குறை சொல்வதாக அவர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

சாம்பாருக்குப் போடும் துவரம்பருப்பு வேறு கதை. தோல் நீக்கி உடைத்த பருப்பாக இருப்பதால் அரை மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறினாலே கரைவது கரைந்துவிடும். அதை வடித்துவிட்டுப் புது நீர் ஊற்றி வேகவையுங்கள். அதன்பின் வெந்த நீரைக் கொட்ட வழியில்லை. அது சாம்பாரிலேயே இருக்கப்போகிறது. அதனால் இங்கே கையாள வேண்டியது அளவைத்தான். நான்கு பேருக்கு 150 கிராம் பருப்பு போடுகிறவர் 100 கிராமாகக் குறைத்து, பூசணியோ முள்ளங்கியோ கூடுதலாகப் போட்டால் சுவையில் பெரிய வேறுபாடு தெரியாது.

இஞ்சிக்கு வருவோம். இஞ்சியில் உள்ள ஜிஞ்சரால்களும், அது காய்ந்து சுக்காகும்போது பெருகும் ஷோகால்களும் இரைப்பையின் தசையசைவைத் தூண்டுகின்றன. தைவானில் 24 ஆரோக்கியமானவர்களைக் கொண்டு நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், 1.2 கிராம் இஞ்சிப் பொடி உட்கொண்டபோது இரைப்பை பாதி காலியாவதற்கு ஏறத்தாழ 13 நிமிடம் ஆனது. வெற்று மாத்திரை உட்கொண்டபோது ஏறத்தாழ 27 நிமிடம். இது நல்ல வேறுபாடு. ஆனால் அந்த உதவி நடக்கும் இடம் இரைப்பை என்பதைக் கவனியுங்கள். சாப்பிட்டவுடன் வரும் கனமும் ஏப்பமும் குமட்டலும் இஞ்சியால் குறையும். நான்கு மணி நேரம் கழித்துப் பெருங்குடலில் ராஃபினோஸ் புளிப்பதை இஞ்சி நிறுத்தாது. அந்தச் சர்க்கரையை அறுக்கும் நொதி அதில் இல்லை.

அளவையும் பாருங்கள். 250 கிராம் கடலைச் சுண்டலுக்குக் கட்டைவிரல் அளவு, அதாவது சுமார் 15 கிராம் இஞ்சி துருவிப் போட்டால் நான்கு பேரில் ஒருவருக்குக் கிடைப்பது நான்கு கிராமுக்கும் குறைவு. பச்சை இஞ்சியில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், காய்ந்த கணக்கில் அது ஒரு கிராமைத் தொடாது. சுவைக்குப் போதும், மருந்துக்குக் குறைவு. சாப்பாட்டுக்கு முன்போ பின்போ அரை தேக்கரண்டிச் சுக்குத் தூளை வெந்நீரில் கொதிக்கவைத்துக் குடித்தால் ஏறக்குறைய அந்த அளவை எட்டலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இதுவே எரிச்சலைக் கூட்டலாம் என்பதால் அவர்கள் முதலில் கொஞ்சமாகக் குடித்துப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் சமையல் அளவோடு நிறுத்திக்கொண்டு, சுக்கை மருந்தாகத் தினமும் குடிப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெருங்காயத்தைப் பற்றிச் சித்த மருத்துவ நூல்கள் ஒரு சொல்லைப் பயன்படுத்துகின்றன: அகட்டுவாய்வகற்றி. அகடு என்றால் வயிறு. வயிற்றிலுள்ள வாயுவை அகற்றுவது என்று பொருளே தவிர, வாயு உண்டாகாமல் தடுப்பது என்று அதற்குப் பொருள் இல்லை. நான் படித்த உணவியலும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கிறது. ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் வளரும் ஒருவகைச் செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால் இறுகிய பிசினே பெருங்காயம். அதன் வீச்சத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மங்கள் எளிதில் ஆவியாகும், எண்ணெயில் நன்றாகக் கரையும். ஆய்வகத்தில் விலங்குகளின் குடல் துண்டுகளின் மீது இதன் சாற்றை இட்டபோது குடல் தசையின் இறுக்கம் தளர்ந்தது. மனிதரிடம் நடந்த ஆய்வுகள் மிகச் சிறியவை. அவையும் செரிமானக் குறைவுக்கு மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தவை, சாம்பாரில் போட்ட சிட்டிகையை அளந்தவை அல்ல. ஆகவே என் கணிப்பு இது: பெருங்காயம் போட்டதால் உண்டாகும் வாயுவின் அளவு பெரிதாகக் குறைந்துவிடாது, குடல் முறுக்கிப் பிடித்துக்கொண்டு வலிப்பதற்குப் பதிலாக அது சுலபமாக வெளியேறலாம். ஓட்டமாக வெளியேறுவதும் உங்களுக்கு அலுவலகக் கூட்டத்தில் ஒரு பிரச்சினைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெருங்காயத்தால் இன்னொரு நன்மை இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. வெங்காயத்திலும் பூண்டிலும் ஃபிரக்டான் என்ற வேறொரு சர்க்கரைத் தொடர் இருக்கிறது. அதையும் நம்மால் செரிக்க முடியாது. அதுவும் பெருங்குடலுக்குப் போய் வாயுவாகிறது. சாம்பாரில் கைநிறையச் சின்ன வெங்காயத்தையும் ரசத்தில் எட்டுப் பல் பூண்டையும் போட்டுவிட்டு, பழியை முழுக்கப் பருப்பின்மேல் சுமத்துவது நியாயமில்லை. எண்ணெயில் பொரித்த பெருங்காயத்தின் மணம் வெங்காயம், பூண்டு இரண்டின் இடத்தையும் ஓரளவு நிரப்பும் என்பதால், அவற்றைக் குறைக்க அது நமக்குத் துணை செய்கிறது. சுருங்கச் சொன்னால், பெருங்காயத்தைச் சேர்ப்பதைவிட, அதைச் சேர்த்து வெங்காயத்தைக் குறைப்பதில்தான் பலன் தெரியும். புரட்டாசியில் வெங்காயமும் பூண்டும் சேர்க்காத வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.

தேக்காவில் வாங்கும் மஞ்சள் நிறத் தூள் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். டப்பாவின் பின்புறத்தைப் படித்தால் கோந்தும் கோதுமை மாவோ அரிசி மாவோ முன்னே இருக்கும், பெருங்காயம் கொஞ்சமாகத்தான் இருக்கும். "தாராளமாக" என்று நீங்கள் போட்டதில் மாவு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத நோய் உள்ளவர்கள் கட்டிப் பெருங்காயத்திலும் உட்பொருள் பட்டியலைப் படித்தே வாங்க வேண்டும். எந்த வடிவமானாலும் சூடான எண்ணெயில் சில விநாடி பொரியவிட்டு, கடைசியில் தாளித்துக் கொட்டுங்கள். கடலையோடு குக்கரில் போட்டால் மணத்தில் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும். கைக்குழந்தைக்கு வயிற்று வலி என்று பெருங்காயத்தைக் கரைத்துப் புகட்டுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். அப்படிக் கொடுத்ததால் இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை பாதிக்கப்பட்டது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

இவற்றை உங்கள் வெள்ளிக்கிழமைச் சுண்டலுக்குப் பொருத்திப் பார்க்கிறேன். வியாழன் மாலை வேலை முடிந்து வந்ததும் 250 கிராம் கடலையைக் கழுவி, பெரிய பாத்திரத்தில் ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். படுக்கப்போகும்முன் அந்த நீரைக் கொட்டி, மறுபடியும் அதே அளவு புது நீர் ஊற்றுங்கள். காலையில் அதையும் கொட்டி அலசி, மூழ்கி இரண்டு விரற்கடை நிற்கும் அளவுக்குப் புது நீரும் உப்பும் சேர்த்துக் குக்கரில் வையுங்கள். எத்தனை விசில் என்பது கடலையின் பழமையைப் பொறுத்தது; ஒரு கடலையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் நசுக்கினால் மாவாக வேண்டும். நகத்தால் இரண்டாகப் பிளந்தால் நடுவில் சுண்ணாம்புபோல் வெளுத்த புள்ளி இருக்கக் கூடாது. அந்தப் புள்ளி வேகாத மாவுச்சத்து. அதுவும் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் வாயுவைக் கூட்டும். சுண்டலுக்குக் கடலை முழுசாக நிற்க வேண்டும் என்று பாதி வேக்காட்டில் இறக்குவது பலர் செய்யும் தவறு. வெந்த நீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். அன்றைக்கு ரசம் வேண்டுமென்றால் தக்காளியும் மிளகும் மட்டும் போட்ட ரசமாக இருக்கட்டும். பிறகு எண்ணெயில் கடுகு, மிளகாய், பெருங்காயம் தாளித்து, துருவிய இஞ்சியையும் ஒரு புரட்டுப் புரட்டிச் சேருங்கள். நேரமில்லாமல் டின் கடலை வாங்கினால், டின்னில் உள்ள நீரை முழுவதும் வடித்து, நுரை நிற்கும்வரை குழாயடியில் அலசுங்கள். வெளியேறிய சர்க்கரை அந்த நீரில்தான் இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் ஒரு வேளைக்கு அரைக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதினொரு மாதம் எப்போதாவது பருப்பு, புரட்டாசியில் தினம் இரண்டு வேளை என்று திடீரெனக் கூடுவதுதான் உங்கள் தொல்லையில் பாதி என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவில் தினமும் அரைக் கோப்பைப் பயறு கொடுத்து நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வாரத்தில் வாயு கூடியதாகச் சொன்னவர்கள் பாதிப் பேருக்கும் குறைவு. தட்டைப்பயறு உண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. சில வாரங்கள் தொடர்ந்து உண்டபோது அவர்களில் பெரும்பாலோருக்கு அது தணிந்துவிட்டது. கொண்டைக்கடலைக்கு நடுவில் தட்டைப்பயற்றையும் மாற்றி மாற்றிச் செய்து பாருங்கள்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் மாலை ஐந்து மணி உப்புசம் அப்படியே இருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு என்ன குடிக்கிறீர்கள் என்று பாருங்கள். உணவங்காடியில் ஒரு தே தாரிக் குடிக்கும் வழக்கம் இருந்தால் ஒரு வாரம் பாலில்லாத தேநீருக்கு மாறிப் பாருங்கள். பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி வயது வந்த ஆசியர்கள் பலருக்குக் குறைந்துவிடுகிறது, அதன் அறிகுறியும் இதேபோல்தான் இருக்கும். மருந்தகங்களில் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் மாத்திரையும் கிடைக்கிறது. முதல் கவளத்தோடு எடுத்தால்தான் அது பயன்படும்; உப்பிய பிறகு விழுங்கிப் பயனில்லை. விருந்து நாளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, மலம் கழிக்கும் வழக்கத்தில் சில வாரமாக நீடிக்கும் மாற்றம், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் சமையலை மாற்றிக்கொண்டிருக்காமல் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள்.

ஊறல் நீரைச் சாக்கடையில் கொட்ட உங்கள் மாமியாருக்கு மனம் வராவிட்டால், உப்பும் சோடாவும் சேராத நீரை நடைபாதைத் தொட்டியிலுள்ள கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றச் சொல்லுங்கள். தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் மட்டும் தேங்கவிட வேண்டாம். டெங்கிக் கொசுவுக்கு அது போதும்.